பதினோரு ஆழ்துளைக் கிணறுகள்

நல்ல ஆய்வுக் கேள்வியோடு வரும் மாணவர் விண்ணப்பங்கள் பலவும் இடறி விழுவது வரவுசெலவுக் கணக்கிலும் கால அட்டவணையிலும்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

தர்மபுரி மாவட்டத்தில் குடிநீரில் புளோரைடு மிகுதி என்பது நெடுநாள் சிக்கல். 12 ஆழ்துளைக் கிணறுகளின் நீரை மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை சோதிக்க ஒரு மாணவி நினைக்கிறார். உதவித்தொகையின் உச்சவரம்பு 7,500 ரூபாய் என்று கொள்வோம்.

‘பரிசோதனைச் செலவு 4,000’ என்று மொத்தமாக எழுதினால் அது எப்படி வந்தது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றுக்கு 12 மாதிரிகள். கூடவே, ஒரே கிணற்றிலிருந்து இன்னொரு மாதிரியும், வாலைவடிநீர் நிரப்பிய புட்டி ஒன்றும் வேண்டும். ஆய்வகத்தின் அளவீட்டை நம்பலாமா என்பதை இவை இரண்டும் காட்டிவிடும். ஆக 14, இரண்டு சுற்றுக்கு 28.

ஆய்வகம் ஒரு மாதிரிக்கு 150 ரூபாய் கேட்கிறது: 4,200. பிளாஸ்டிக் புட்டிகள் (கண்ணாடியோடு புளோரைடு வினைபுரியும்) தலா 15 வீதம் 420. இருவர் இரண்டு சுற்றும் போய்வரப் பேருந்துக் கட்டணம் 1,200, குளிர்பெட்டி 600, அறிக்கை அச்சும் பைண்டிங்கும் 500. மொத்தம் 6,920. மிச்சம் 580.

இங்கேதான் வழக்கமான தவறு நேர்கிறது. ஆய்வகம் சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை. சேர்த்தால் ஒரு மாதிரிக்கு 177; மொத்தம் 7,676. வரம்பு தாண்டிவிட்டது. ஒரு கிணற்றைக் குறைத்தால் மாதிரிகள் 26 ஆகும். மொத்தம் 7,292-இல் அடங்கும். சரிபார்ப்பு மாதிரிகளைக் குறைத்தும் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் அப்போது முடிவை யாரும் நம்பமாட்டார்கள். விலைப்புள்ளியை வரியோடு எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது.

கால அட்டவணை இந்தக் கணக்கின் மறுபக்கம். செலவுப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாதம் இருக்க வேண்டும். டிசம்பரில் ஊராட்சி அனுமதியும் புட்டிகளும். ஜனவரிக் கடைசியில் முதல் சுற்று. ஏப்ரல் இறுதியில் இரண்டாவது. செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வரும் என்பதால் மாதிரி எடுக்கும் நாளைச் சனி, ஞாயிறில் வைக்க வேண்டும். ஆய்வகம் பத்து நாள் என்றால் மூன்று வாரம் என்று எழுதுங்கள். மே மாதம் முடிவு, ஜூனில் அறிக்கை.

பணம் டிசம்பரில் வராமல் பிப்ரவரியில் வந்தால்? மழைக்குப் பிந்தைய சுற்று கைநழுவிவிடும். அப்படியானால் கோடையில் முதல் சுற்று, அடுத்த மழைக்குப் பின் இரண்டாவது என்று மாற்றிக்கொள்ளும் வழியையும், அதற்குக் கால நீட்டிப்பு தேவைப்படும் என்பதையும் ஒரு வரியில் முன்பே சொல்லிவிடலாம்.

ஒப்புதல் தேதிக்கு முந்தைய பில்கள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே, ஆர்வத்தில் புட்டிகளை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். அந்த 390 ரூபாய் உங்கள் கைக்காசாகிவிடும்.