கிண்டிக்கு எத்தனை மணிக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை 10 மணிக்கு ஒரு வாடிக்கையாளர், அடுத்தவர் கிண்டியில். நடுவே சுமார் 15 கிலோமீட்டர். வரைபடச் செயலி முக்கால் மணி நேரம் என்று காட்டினால், விற்பனைப் பிரதிநிதி 11.45க்கு வருவதாகச் செய்தி அனுப்பிவிடுகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

செயலி சாலையை மட்டுமே கணக்கிடுகிறது. முக்கால் மணி நேரச் சந்திப்பு 11 மணி வரை நீளும். வண்டியை எடுத்துக் கிளம்ப 10 நிமிடம். கோயம்பேடு, வடபழனி சிக்னல்களைத் தாண்ட ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். கிண்டியில் வண்டி நிறுத்தி, வாயிலில் பதிவேட்டில் எழுதி, அனுமதிச் சீட்டு வாங்க 15 நிமிடம். ஆக மணி 12.25. பல தொழிற்சாலைகளில் அது சாப்பாட்டு நேரம். எனவே 2 மணி கேட்பதே சரி.

செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். வியாழன் மதியம் 2 மணிக்குச் சந்திக்கலாமா? புது வால்வு மாதிரியைக் காட்ட அரை மணி நேரம் போதும். காலையில் அம்பத்தூரில் வேலை இருப்பதால் அதற்கு முன் வருவது உறுதியில்லை. வசதிப்படாவிட்டால் வெள்ளி காலை 10 மணிக்கு வருகிறேன். அங்கிருந்து கிளம்பியதும் தகவல் சொல்கிறேன்."

அம்பத்தூரில் யாரைப் பார்க்கிறார் என்பது இதில் இல்லை. அவர் போட்டி நிறுவனத்தவராகக்கூட இருக்கலாம். மாற்று நேரத்தை மறுநாளுக்கு வைத்ததும் நல்லது. அன்றே 4 மணி என்றால், மாலை நெரிசலில் மூன்றாவது சந்திப்பு கெட்டுவிடும்.