ஒரு கூட்டம், ஒரே அடையாளம்

திங்கள்கிழமை 10 மணிக் கூட்டத்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்புகிறீர்கள். அதனுள் கண்ணில் படாத இரண்டு வரிகள் உண்டு: `UID`, `SEQUENCE:0`. முதலாவது அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உரிய அடையாளம், கடைசிவரை மாறாது. நேரத்தை 11 மணியாக்கினால், அதே அடையாளத்தோடு `SEQUENCE:1` என்று புதிய அஞ்சல் போகும். பெறுபவரின் நாட்காட்டி அந்த அடையாளத்தைத் தேடி, பழைய பதிவையே திருத்தும். முதல் அஞ்சல் தாமதமாக வந்து சேர்ந்தாலும், எண் சிறியது என்பதால் ஒதுக்கிவிடும். ரத்து செய்தால் எண் 2, கூடவே `METHOD:CANCEL`.

ஒரே கூட்டம் இரண்டு முறை தெரிகிறதா? பெரும்பாலும் திருத்தத்துக்குப் புதிய அடையாளம் போட்டிருப்பார்கள். நீங்களாக அழைப்பை அனுப்பிவைத்த நண்பருக்கு ரத்துச் செய்தி போகாமலிருக்கலாம். அவர் பெயரையும் பட்டியலில் சேர்க்கும்படி அமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.