ஏழு வருஷ வேலையில் எத்தனை வருஷம் கணக்கில் வரும்?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கர் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2017 ஜூனில் சேர்ந்தவர். 2024 ஜூனில், கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார். மில்லில் அவருக்குக் கிடைத்த கடிதம் நான்கே வரி. "ஏழு ஆண்டுகளாக எங்கள் நிறுவனத்தில் அக்கவுன்டன்டாகப் பணிபுரிகிறார். நேர்மையானவர், உழைப்பாளி. அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." கீழே மேனேஜரின் கையெழுத்து, வட்ட முத்திரை.

இன்னொரு மில்லில் வேலை கேட்கப் போனால் இந்தக் கடிதம் போதும். கனடாவுக்குப் போதாது.

அங்கே விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு ஆளின் குணம் தேவையில்லை. அவர் தினமும் என்ன வேலை செய்தார் என்பதுதான் தேவை. கனடா எல்லா வேலைகளையும் என்.ஓ.சி. என்ற பட்டியலில் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. நம்மூரில் என்.ஓ.சி. என்றால் தடையில்லாச் சான்று, இது வேறு. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதில் இரண்டாவது இலக்கம், அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதைச் சொல்லும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 0 முதல் 3 வரைதான் செல்லும்.

கணக்கு எழுதும் வேலையே இதில் இரண்டு இடங்களில் வருகிறது. பேரேடு பராமரிப்பது, டிரையல் பேலன்ஸ் எடுப்பது, நிதி அறிக்கை தயாரிப்பது எல்லாம் 12200. பில் போடுவது, வரவு செலவைப் பதிவது, வவுச்சர் சரிபார்ப்பது போன்ற எழுத்தர் வேலை 14200. முதல் எண்ணில் இரண்டாவது இலக்கம் 2, அது செல்லும். அடுத்ததில் 4, செல்லாது. 'அக்கவுன்டன்ட்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இவர் எந்தப் பக்கம் என்று அதிகாரியால் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இவர் சேர்ந்தபோது உதவியாளர். பில் போடுவதுதான் வேலை. 2021 ஏப்ரலில்தான் பேரேடு அவர் கைக்கு வந்தது. அப்படியென்றால் கணக்கில் வரும் அனுபவம் ஏழு வருஷமல்ல, மூன்று வருஷம் இரண்டு மாதம். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் ஆறு வருஷமோ அதற்கு மேலோ அனுபவம் இருந்தால் 15 புள்ளி. இரண்டு, மூன்று வருஷத்துக்கு 11. நான்கு புள்ளிக்கு ஆசைப்பட்டு ஏழையும் அக்கவுன்டன்ட் என்றே காட்டினால், அது பொய்த் தகவலாகக் கொள்ளப்படலாம். அப்படி முடிவானால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையவே தடை.

ஆகவே மில்லின் லெட்டர்ஹெட்டில் எழுதும் கடிதம் இரண்டு பதவிகளையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கி எதுவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் மற்ற சலுகைகளும் எவ்வளவு, என்னென்ன பொறுப்புகள் என்று எழுத வேண்டும். மில்லின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். கையெழுத்து நேரடி மேலதிகாரியுடையதாகவோ பணியாளர் பிரிவு அதிகாரியுடையதாகவோ இருக்கலாம்.

நம்மூர்க் கடிதங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது மணிக்கணக்குதான். வாரம் 30 மணி நேரம் இருந்தால் முழுநேர வேலை. மில்லில் 48 மணி நேரம் உழைத்தாலும் அதற்காகக் கூடுதல் அனுபவம் சேராது. ஆனாலும் எண்ணை எழுதாவிட்டால் அது முழுநேர வேலைதான் என்பதற்குக் கடிதத்தில் ஆதாரம் இல்லை.

பொறுப்புகளை எழுதும்போது பலர் என்.ஓ.சி. பக்கத்தில் இருப்பதை வரி மாறாமல் இறக்கிவிடுகிறார்கள். அதிகாரி அந்த வரிகளைத் தினமும் பார்ப்பவர். உடனே சந்தேகம் வரும். 'பேரேடு பராமரித்தார்' என்று நிறுத்தாமல், "பஞ்சு கொள்முதல், நூல் விற்பனைக் கணக்குகளை டேலியில் பராமரித்து, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, டிரையல் பேலன்ஸ் எடுத்து ஆடிட்டருக்குத் தருகிறார்" என்று எழுதினால், அது அந்த மில்லின் வேலை என்று தெரியும்.

சில நிறுவனங்கள் பொறுப்புகளை எழுதித் தர மறுப்பதுண்டு. அப்போது நிறுவனம் தந்த கடிதத்தோடு நியமன உத்தரவு, சம்பள ரசீதுகள், ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், வேலையை நேரில் பார்த்த மேலதிகாரியின் உறுதிமொழி ஆகியவற்றை வைத்து, முழுக் கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தையும் இணைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கியவருக்கு, கடிதத்தில் ஒரு தொகையும் ஃபார்ம் 16-இல் வேறு தொகையும் இருக்கும். அதற்கும் அந்த விளக்கத்திலேயே பதில் சொல்லிவிட வேண்டும்.

கனடாவிலிருந்து அழைப்பு வந்தபின் விண்ணப்பத்தை முடிக்க 60 நாள்தான். மேனேஜர் வெளியூரில், முதலாளி கையெழுத்துப் போட யோசிக்கிறார் என்றால் அது போதாது. அதனால் நம் கணக்கர் அழைப்புக்குக் காத்திருக்காமல், இரண்டு பதவிகளின் தேதியையும் வேலையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பழைய நான்கு வரிக் கடிதத்தோடு மேனேஜர் அறைக்குப் போகிறார்.