கடையை மூடிவிட்டு ஊர் திரும்புகிறவர் ஸ்டேட்டஸில் என்ன எழுதலாம்?

கடையின் ஷட்டரைக் கடைசியாக இறக்கிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்களில் பலரும் வழியிலேயே ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ வகை. மற்றொன்று, ‘நம்பினவங்களே முதுகில் குத்திட்டாங்க’ வகை. படிக்கிறவருக்கு இரண்டிலிருந்தும் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. கடை இருக்கிறதா, மூடியாயிற்றா? கொடுத்த பணம் வருமா? இவர் இனி என்ன செய்யப்போகிறார்? எதற்கும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தை ஊர் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டானாம்’ என்ற பேச்சு கிளம்புவது இப்படித்தான்.

இந்த கேப்ஷனைப் படிப்பவர்களில் மூன்று வகையினர் உண்டு. பணம் கொடுத்தவர்கள், கடையோடு வேலை அல்லது வியாபாரத் தொடர்பு வைத்திருந்தவர்கள், வெறுமனே தெரிந்தவர்கள். மூவரும் ஒரே வரியை மூன்று விதமாகப் படிப்பார்கள். கடன் கொடுத்த மச்சான் ‘பாய்வதற்கே’ என்ற வரியைப் பார்த்தால், தன் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமலே அடுத்த கடை போடப்போகிறான் என்றுதான் நினைப்பார். எழுதியவர் மனதில் அப்படி ஓர் எண்ணமே இருந்திருக்காது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்துக்காரர் ஒருவர் கோவை சரவணம்பட்டியில் டிபன் கடை போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஐ.டி. அலுவலகங்கள்; மதியக் கூட்டத்தை நம்பி மாதம் 25,000 ரூபாய் வாடகை பேசினார். ஆனால் ஊழியர்கள் வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் வந்தார்கள். 14 மாதம் இழுத்துப் பிடித்துவிட்டு மூடினார். போட்டது 9 லட்சம். அதில் சொந்தச் சேமிப்பு நாலரை லட்சம். மீதி நாலரை லட்சமும் கடன்: நகையை வைத்து வாங்கியது 2 லட்சம், மச்சான் கொடுத்தது ஒன்றரை லட்சம், நண்பர் கொடுத்தது 1 லட்சம்.

மூடியபோது வந்தது எவ்வளவு? கட்டட அட்வான்ஸ் 2 லட்சத்தில் மூன்று மாத வாடகை பாக்கி 75,000 போக ஒன்றேகால் லட்சம். அடுப்பு, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாம் பழைய சாமான் விலைக்குப் போய் 1,40,000. ஆக 2,65,000. இதில் இரண்டு வேலையாட்களின் சம்பள பாக்கி 30,000, மளிகைக் கடை பாக்கி 40,000 கொடுத்தபின் கையில் 1,95,000. கடனுக்கு இன்னும் 2,55,000 துண்டு விழுகிறது. சேமிப்பையும் சேர்த்தால் மொத்த நஷ்டம் 7,05,000 ரூபாய்.

கேப்ஷன் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கு ஒரு தாளில் இருக்க வேண்டும். இது இல்லாமல் எழுதுகிறவர் நஷ்டத்தைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார். எழுதிய வரியைப் பிறகு மாற்றிப் பேச வேண்டிவரும்.

அடுத்த வேலை, வரிசை தவறாமல் சொல்வது. முதலில் வேலையாட்கள், பிறகு கடன் கொடுத்தவர்கள், கடைசியில்தான் ஸ்டேட்டஸ். கடன் கொடுத்த மச்சான் இந்தச் செய்தியை ஊர்க்காரர்களோடு சேர்ந்து செல்போனில் பார்த்தால், பணம் போனதைவிட அதுதான் அவருக்கு வலிக்கும். போனிலோ நேரிலோ அவரிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எவ்வளவு பாக்கி, இப்போது எவ்வளவு தரமுடியும், மீதி எந்த மாதத்திலிருந்து. பிறகு, கடையின் க்யூ.ஆர். கோடு அட்டையை எடுத்துவிட்டு, கூகுள் மேப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் நம் ராஜபாளையத்துக்காரர் இப்படி எழுதலாம்:

‘சரவணம்பட்டியில் 14 மாதம் நடத்திய டிபன் கடையை மூடிவிட்டேன். தினமும் கூட்டம் வரும் என்று நம்பி வாடகை பேசினேன்; வாரத்தில் மூன்று நாள்தான் வந்தது. என் சேமிப்பு முழுக்கப் போயிற்று. வேலை பார்த்தவர்களுக்கும் மளிகைக் கடைக்கும் கணக்கு முடித்தாயிற்று. பணம் கொடுத்து உதவியவர்களிடம் தனித்தனியாகப் பேசியிருக்கிறேன். இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன விசேஷங்களுக்கு நானே சமைத்துத் தருவேன். 50 பேர் வரைக்கும் முடியும். வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.’

இதில் நஷ்டத்தின் காரணம் ஒரே வாக்கியத்தில் வருகிறது. யார்மீதும் பழி இல்லை. கடன்காரர்களின் பெயரோ தொகையோ இல்லை. நம்பிக்கை, சபதமாக வராமல் ‘50 பேர் வரைக்கும்’ என்ற அளவாக வருகிறது. படிக்கிறவர் உடனே ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு போன் செய்ய முடியும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் தெரியும், மீதி மறைந்திருக்கும் என்பதால் ‘மூடிவிட்டேன்’ என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். வேலை தேடித் தரவேண்டிய செய்தியை, தெரிந்தவர்களுக்குத் தனியாகவும் அனுப்புவது நல்லது.

எழுதக் கூடாதவையும் உண்டு. கூட்டாளியின் பெயரைப் போட்டு ‘ஏமாற்றிவிட்டான்’ என்று எழுதினால் அது அவதூறு வழக்குக்கு இடம் தரும். கடன் விஷயத்திலும் கவனம் வேண்டும். புரோநோட்டு போன்ற கடனுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பது பலருக்கும் தெரியும். அந்த வரம்பு முடிவதற்குள் கடனை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். செல்போன் செய்திகளும் வழக்குகளில் சான்றாகக் காட்டப்படுகின்றன. கொடுக்க வேண்டியதை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாக்கித் தொகையைக் கணக்குப் பார்த்து, உரியவரிடம் மட்டும் எழுதிக் கொடுப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

கூட்டாகத் தொழில் நடத்தியவர்களுக்கு இன்னொன்று. ‘நாங்கள் பிரிந்துவிட்டோம்’ என்று ஸ்டேட்டஸ் போட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. கூட்டு கலைந்தபின்னும், முறையான பொது அறிவிப்பு வரும்வரை, ஒரு கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் செய்யும் காரியத்துக்கு மற்றவர்களும் வெளியாரிடம் பொறுப்பாவார்கள் என்கிறது 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். பதிவுசெய்த நிறுவனமென்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதை ரத்துசெய்தபின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும்.

இப்படி ஒரு கேப்ஷன் உங்கள் கண்ணில் பட்டால், அதன் கீழே ‘எவ்வளவு போச்சு?’ என்று கேட்காதீர்கள். ‘ஸ்டே ஸ்ட்ராங்’ என்று எழுதுவதாலும் பெரிய பயனில்லை. வீட்டில் விசேஷம் வந்தால் அவரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். வேலை முடிந்ததும் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.