முதலில் எந்தக் கடன்?

அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம். ஆப் மூலம் வாங்கிய கடனில் 24,000 மிச்சம், மாதம் 2 சதவீத வட்டி, தவணை 2,500. வட்டியில்லாத் தவணையில் வாங்கிய போனுக்கு மாதம் 2,000 வீதம் இன்னும் ஆறு மாதம். சம்பளத்தில் கடனுக்கென்று 15,000 ஒதுக்குகிறார். தவணைகளும் கார்டின் குறைந்தபட்சத் தொகை 3,000-மும் போக 7,500 மிஞ்சுகிறது. அதை எதில் போடுவது?

சின்னக் கடனை முதலில் முடி என்பது ஸ்னோபால் முறை. அதன்படி போன் இரண்டாவது மாதத்திலேயே முடியும், ஆப் கடன் நான்காவது மாதத்தில். அதுவரை கார்டு கிட்டத்தட்ட அசையாது. 3,000 கட்டினால் 2,100 வட்டிக்கே போய்விடுகிறதே. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடி என்பது அவலாஞ்ச் முறை. கார்டுக்கு மாதம் 10,500 போகும், ஏழாவது மாதம் கார்டு தீரும்.

இரண்டு வழியிலும் எல்லாக் கடனும் தீர்வது எட்டாவது மாதத்தில்தான். மொத்த வட்டி ஸ்னோபாலில் சுமார் 12,900, அவலாஞ்சில் 10,700. கார்டு வட்டி மீது விழும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் வித்தியாசம் மூவாயிரத்தை நெருங்கும்.

போனை அவசரமாக முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இனி வட்டியே ஏறாத கடன் அது, முன்கூட்டிக் கட்டி மிச்சப்படுத்த எதுவும் இல்லை. 'ஒரு கடன் முடிந்தது' என்ற நிம்மதிக்கு அது கொஞ்சம் விலை கூடிய வழி.

ஆனால் ஸ்னோபாலுக்கு நிம்மதியைத் தாண்டிய ஒரு பலன் உண்டு. நான்காம் மாத முடிவில் இரண்டு தவணைகள் ஒழிந்து, மாதம் கட்டியே ஆகவேண்டிய தொகையில் 4,500 குறைந்துவிடுகிறது. அவலாஞ்சில் போகிறவருக்கு அப்போதும் இரண்டு தவணையும் நிற்கும். ஐந்தாம் மாதம் சம்பளம் தள்ளிப்போனால், ஒரு தவணை தவறி அபராதமும் சிபில் மதிப்பெண் சரிவும் வரக்கூடும். எனவே கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் கார்டை முதலில் அடைக்கலாம். வேலை ஆட்டம் கண்டிருந்தால், போனை அதன் போக்கில் விட்டுவிட்டு ஆப் கடனை முடிக்கலாம். அதற்குமுன் அந்தக் கடனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட வேண்டும்.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று. பாக்கி இருக்கும் கார்டில் புதிதாகத் தேய்த்தால் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 10,500 கட்டியும் ஸ்டேட்மென்டில் பாக்கி எட்டாயிரமாவது குறையவில்லை என்றால், கார்டு இன்னும் பர்சிலிருந்து வெளியே வருகிறது என்று அர்த்தம்.