22 தாண்டிய பிள்ளையும் கிளினிக் கொப்பியும்

கனடாவுக்குப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைக்கு 22 வயது ஆகியிருக்கக் கூடாது என்று ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2017 ஒக்டோபர் 24 முதல் அதுதான் எல்லை. அதற்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அது 19 ஆக இருந்தது. ஆனால் அதே விதியின் அடுத்த வரியை அறிந்தவர்கள் குறைவு. 22 ஆகும் முன்பிருந்தே பெருமளவு பெற்றோரின் பணத்தில் தங்கி வாழ்ந்து, உடல் அல்லது மனநிலைக் குறைபாட்டால் சொந்தக் காலில் நிற்க முடியாதிருக்கும் பிள்ளைக்கு வயது எல்லை கிடையாது. 29 வயதிலும் 45 வயதிலும் அவர் சட்டத்தின் கண்ணில் 'தங்கிவாழும் பிள்ளை'தான்.

இதை அறிந்து விண்ணப்பிப்பவர்களில் பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். குடிவரவு என்றதும் நோயை மறைப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது நல்ல உடுப்புப் போட்டு, "டொக்டர் கேட்டால் எல்லாம் சுகம் எண்டு சொல்லு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்ற வகை விண்ணப்பங்களில் அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் காரணமுண்டு. பொது மருத்துவச் செலவுக்கு மிகையான சுமை ஏற்படுத்துவார் என்று கருதினால் ஒருவரை மறுக்கக் கனடியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெற்றோர் நேரடியாக ஸ்பொன்சர் செய்யும் பிள்ளைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கும் அளித்திருக்கிறது. பரிசோதனை நடக்கத்தான் செய்யும். பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டா என்று பார்ப்பார்கள். சிகிச்சைச் செலவைக் காட்டி மறுக்க முடியாது. இங்கே நோயை மறைத்தால் பறிபோவது விண்ணப்பத்தின் அடிப்படையேதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கொழும்பில் கனடா நியமித்த வைத்தியர் செய்யும் பரிசோதனையே குறைபாட்டுக்கும் சான்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த வைத்தியரின் வேலை வேறு. பிள்ளை தன் செலவைத் தானே பார்க்க முடியாதவரா என்பதைத் தீர்மானிப்பவர் விசா அதிகாரி. அவருக்கு வேண்டிய ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்க வேண்டியது குடும்பம்.

எப்படித் திரட்டுவது? பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தந்தை 2010இல் அகதியாகக் கனடா வந்தார். 2013இல் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. மனைவியோடு பிரிவு. 1996 மார்ச்சில் பிறந்த மகன் தாயோடு சாவகச்சேரியில். மகனுக்கு நடுத்தர அளவிலான அறிவுத்திறன் குறைபாடு. 2023இல் தாய் இறந்துவிட, இப்போது பெரியம்மா பார்த்துக்கொள்கிறார். தந்தை மகனை அழைக்க விரும்புகிறார்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: 2013இல் வதிவுரிமைப் படிவத்தில் மகனின் பெயரை எழுதினாரா? கூட வராத பிள்ளையையும் எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால், பின்னர் குடும்ப வகுப்பில் அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பதே பொதுவிதி. சில பிரிவினருக்குப் பின்னர் தற்காலிகத் தளர்வு வந்தது, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. நம் தந்தை எழுதியிருந்தார், பரிசோதனையும் நடந்திருந்தது. பழைய கோப்பின் பிரதியும் கையில் இருக்கிறது.

அடுத்தது பணம். மகனுக்கு 22 வயதானது 2018 மார்ச்சில். ஆகவே 2018க்கு முன்பே தந்தையின் பணத்தில் மகன் வாழ்ந்தார் என்றும், அது அறுபடாமல் இன்றுவரை தொடர்கிறது என்றும் காட்ட வேண்டும். விதி கேட்பது தங்கிவாழ்தல் எப்போது தொடங்கியது என்பதை. நோய் எப்போது தொடங்கியது என்பது அதே கேள்வி அல்ல. படித்துக்கொண்டு பெற்றோர் காசில் இருந்த ஒருவருக்கு 23 வயதில் மனநோய் வந்து, அந்த ஆதரவு இடைவெளியின்றித் தொடர்ந்தால் அவருக்கு வாதாட இடமுண்டு. 23 வயதில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் சொந்தமாக வாழ்ந்து, 26இல் நோயில் விழுந்தவருக்கு அது மிகக் கடினம்.

தந்தை 2010 முதல் 2014 வரை உண்டியலில் அனுப்பினார். ரசீது இல்லை. 2015 முதல் மாதம் 250 டொலர் வங்கி வழியாகத் தாயின் கணக்குக்குப் போனது. 22 வயதுக்கு முன் மூன்று வருடத்துக்கு நல்ல சான்று இருக்கிறது. பிறகு 2021, 2022இல் மறுபடி உண்டியல். இலங்கை வங்கிகள் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்த காலம் அது. வெளியில் அதைவிடக் கூடக் கிடைத்ததால் புலம்பெயர்ந்தவர்களில் பலர் அந்தப் பக்கம் போனார்கள். இப்போது கோப்பில் அந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது.

அதை மூடி மறைக்கப் பார்ப்பதைவிட நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதுவதே நல்லது. அந்த மாதங்களில் தந்தையின் கனடியக் கணக்கிலிருந்து ஏறக்குறைய ஒரே தொகை பணமாக எடுக்கப்பட்டதைக் காட்டும் வங்கி அறிக்கை, "காசு வந்திட்டுது" என்று தாய் அனுப்பிய வைபர் செய்திகள், அதே வாரத்தில் மருந்துக் கடையில் கொடுத்த பில்கள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கினால் அதிகாரிக்குக் கதை புரியும். தாயின் கணக்குக்குப் போன பணம் மகனுக்காகத்தான் செலவானது என்பதற்கும் ஒரு பாலம் வேண்டும். தாயின் வங்கிப் புத்தகமும் பெரியம்மாவின் சத்தியக்கடதாசியும் அதற்கு. மகனுக்கு அரசின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கிடைத்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிறு தொகையில் ஒருவர் வாழ முடியாது என்பது அதிகாரிக்கும் தெரியும். பிறகு வேறு வழியாக அது வெளிவந்தால்தான் சந்தேகம் எழும்.

மருத்துவச் சான்றில்தான் நம் ஆட்களின் கோப்புகள் மிக மெலிந்திருக்கின்றன. வைத்தியரிடம் கேட்டால் அன்போடு இரண்டு வரி எழுதித் தருவார்: 'இவர் அறிவுத்திறன் குறைபாடு உடையவர். எமது கிளினிக்கில் சிகிச்சை பெறுகிறார், தற்போது நலமாக உள்ளார்.' இந்த 'நலமாக உள்ளார்' விண்ணப்பத்துக்கு நஞ்சு. வாசிக்கும் அதிகாரி, நலமாக இருப்பவர் ஏன் வேலைக்குப் போகக் கூடாது என்று கேட்பார். நோயின் பெயர் மட்டும் போதாது. அந்த நோயால்தான் இவரால் உழைத்து வாழ முடியவில்லை என்ற தொடர்பைக் கடிதம் காட்ட வேண்டும்.

ஆகவே மனநல நிபுணரிடம் திரும்பப் போய், முழு அறிக்கை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. குறைபாடு எந்த வயதில் அறியப்பட்டது, எந்தச் சோதனைகளால் அளவிடப்பட்டது, காலத்தோடு மாறக்கூடியதா என்பவை அதில் வந்தன. அதைவிட முக்கியமாக, அன்றாடத்தில் என்ன முடியாது என்பதும் வந்தது: மிச்சக் காசு எண்ணத் தெரியாது, தனியே பஸ் ஏற முடியாது, மருந்து நேரத்துக்கு எடுக்க ஆள் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலைக்கு விட்டுப் பார்த்ததும், சில வாரத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டி வந்ததும் அறிக்கையில் ஒரு பந்தி. கடைக்காரர் தனியே ஒரு கடிதமும் கொடுத்தார். முயன்று தோற்றதும் சான்றுதான். பாடசாலையின் விசேட கல்வி அலகில் படித்ததற்கான பதிவு, வருடக்கணக்கான கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் கூடவே போக வேண்டும். பழைய கொப்பி முடிந்தது என்று வீசிவிடுகிற வீடுகள் எத்தனையோ. தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தேவை. அதைக் குடும்பத்தவர் செய்யக் கூடாது.

மனச்சிதைவு போன்ற ஏறி இறங்கும் நோய்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடிதம் எழுதிய நாளில் பிள்ளை அமைதியாக இருந்திருப்பார். அந்த ஒரு நாளின் படம் பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. எத்தனை தடவை வைத்தியசாலையில் சேர்ந்தார், மருந்து நின்றபோது என்ன நடந்தது என்பதை ஆண்டு வாரியாக எழுதச் சொல்ல வேண்டும்.

பொறுப்பேற்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 22 தாண்டிய பிள்ளைக்குக் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 3 ஆண்டு. பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளை இல்லையென்றால் குறைந்தபட்ச வருமானக் கணக்கும் இல்லை. ஆனால் ஸ்பொன்சர் செய்பவர், தன் ஊனத்தைத் தவிர வேறு காரணத்துக்காக அரச சமூக உதவிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் தகுதி இழப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் பெற்றோர் அழைப்பது பற்றி. சகோதரர் அழைப்பது முற்றிலும் வேறு. "எனக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது" என்று கேட்கும் அக்காவுக்கு, 18 தாண்டிய தம்பியை நேரடியாக அழைக்க வழி அனேகமாக இல்லை. கணவன், பிள்ளை, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவு எவருமில்லாத ஸ்பொன்சருக்கு மட்டும் ஓர் உறவினரை அழைக்கும் தனி வழி உண்டு. மற்றபடி அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்யும்போது அவர்களின் தங்கிவாழும் பிள்ளையாகத் தம்பியும் வரலாம். அங்கேதான் பொறி இருக்கிறது. தம்பி ஸ்பொன்சரின் பிள்ளை அல்ல என்பதால் மேலே சொன்ன விலக்கு அவருக்கில்லை. செலவுக் கணக்குப் பார்க்கப்படும், அவர் தகுதி பெறாவிட்டால் பெற்றோரின் விண்ணப்பமும் சேர்ந்தே விழலாம்.

அங்கேயும் மறைப்பது விடையல்ல. பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை உண்டு. நிலைமை முன்பைவிட இளகியும் இருக்கிறது. 2005இல் ஹிலெவிட்ஸ் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், நோயின் பெயரைப் பார்த்து மறுக்கக் கூடாது, அந்த ஆளின் உண்மையான தேவையையும் குடும்பத்தின் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது. 2018 முதல் செலவு எல்லை மூன்று மடங்காக உயர்ந்து, விசேட கல்வி, தொழிற்பயிற்சி, தனிப்பட்ட பராமரிப்புச் சேவைகள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. அறிவுத்திறன் குறைபாடு உள்ள, விலையுயர்ந்த மருந்து தேவைப்படாத ஒருவர் இன்று அந்த எல்லையை எட்டுவது அரிது.

பிள்ளைக்கான விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய மருத்துவ அறிக்கையும் சாட்சியும் கொடுக்க முடியும். ஆனால் மகன் 'தங்கிவாழும் பிள்ளை' அல்ல என்று தீர்ந்துவிட்டால், மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்க அந்தப் பிரிவுக்கு அதிகாரமில்லை. அப்படி இரங்கக் கேட்பதென்றால் முதல் விண்ணப்பத்திலேயே, எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

ஊரில் இப்படியொரு பிள்ளை இருந்து, அவருக்கு இன்னும் 22 ஆகவில்லையென்றால், இந்த மாதப் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ரசீதை எடுத்து வையுங்கள். முடிந்துபோன கிளினிக் கொப்பிகளை எறிய வேண்டாம் என்று வீட்டுக்குச் சொல்லுங்கள்.