அணைய மறுக்கும் புரதம்

பெருங்குடல் புற்றுநோய் முற்றி, கீமோதெரபியும் கைகொடுக்காமல் போன நோயாளிகளுக்கு செடுக்சிமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. அவர்களுடைய கட்டித் திசுவில் கே-ராஸ் என்ற மரபணுவைப் பரிசோதித்த முடிவு 2008-ல் வெளியானது. அந்த மரபணு பழுதில்லாமல் இருந்தவர்களில் மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.5 மாதம், பெறாதவர்களுக்கு 4.8 மாதம். மரபணு பிறழ்ந்தவர்களிடமோ மருந்து பெற்றாலும் பெறாவிட்டாலும் ஏறத்தாழ நாலரை மாதம்தான். மருந்து ஒன்றே, புற்றுநோயும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விடை, ஒரு செல் தான் பெருக வேண்டுமா என்பதை எப்படி அறிகிறது என்பதில் இருக்கிறது. செல்லின் வெளிச்சவ்வில் இ.ஜி.எஃப். ஏற்பி என்ற புரதம் ஊடுருவி நிற்கிறது. அதன் தலை வெளியே, வால் உள்ளே. வளர்ச்சிக் காரணி என்ற சிறு புரதம் வந்து தலையில் ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைசேர்கின்றன. ஒன்றின் வாலில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. அந்தப் பாஸ்பேட்டை அடையாளம் கண்டு கிராப்2 என்ற புரதம் வந்து ஒட்டும். அது சாஸ் என்ற புரதத்தையும் தன்னோடு கூட்டி வரும். சாஸின் வேலை, சவ்வின் உட்புறத்தில் காத்திருக்கும் ராஸை விழிக்கச் செய்வது.

ராஸ் ஒரு சுவிட்ச். இரண்டு பாஸ்பேட் கொண்ட குவனோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்வரை அது அணைந்திருக்கும். சாஸ் அந்தப் பிடியைத் தளர்த்தி அதை வெளியேற்றுகிறது. செல்லுக்குள் மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் ட்ரைபாஸ்பேட்தான் அதிகம் என்பதால் காலியான இடத்தில் அதுவே வந்து அமர்கிறது. உடனே ராஸின் வடிவம் மாறுகிறது. ராஃப் என்ற நொதியை அது சவ்வுக்கு இழுத்துச் செயல்பட வைக்கிறது. ராஃப், மெக் என்ற நொதிக்குப் பாஸ்பேட் சேர்க்கிறது. மெக், எர்க் என்ற நொதிக்குச் சேர்க்கிறது. எர்க் உட்கருவுக்குள் சென்று, செல் பிரியத் தேவையான மரபணுக்களை இயக்கும் புரதங்களைத் தூண்டுகிறது. ராஃப், மெக், எர்க் என்ற இந்த மூன்று படிகளைத்தான் மேப் கைனேஸ் தொடர் என்கிறார்கள்.

இந்தத் தூண்டுதல் நிற்கவும் வேண்டும். மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டி எறிந்து தன்னை அணைத்துக்கொள்ளும் திறன் ராஸுக்கே உண்டு. ஆனால் தனியாகச் செய்தால் அது மிக மெதுவாகத்தான் நடக்கும். கேப் என்ற துணைப் புரதம் வந்து தன் ஆர்ஜினின் அமினோ அமிலம் ஒன்றை ராஸின் குழிக்குள் விரல்போல நீட்டும்போது வெட்டும் வேகம் பல்லாயிரம் மடங்கு கூடுகிறது.

அந்த ஆர்ஜினின் நுழையும் இடத்தை ஒட்டி, ராஸின் 12-ஆவது அமினோ அமிலமாக இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், அங்கே அஸ்பார்டேட், வேலின், சிஸ்டீன் போன்ற பெரிய ஒன்று வந்துவிடும். அது ஆர்ஜினினுக்கு வழிவிடாது. பாஸ்பேட் வெட்டப்படாமல் ராஸ் எரிந்துகொண்டே இருக்கும். மனிதப் புற்றுநோயில் இப்படிப்பட்ட ஓர் எழுத்துப் பிறழ்வு முதலில் கண்டறியப்பட்டது 1982-ல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களின் எச்-ராஸ் மரபணுவில்.

செடுக்சிமாப் ஏன் தோற்றது என்பது இப்போது தெளிவு. அது வெளியிலிருந்து ஏற்பியின் தலையை மறைக்கும் மருந்து. கோளாறோ ஏற்பிக்குக் கீழே, ராஸில் இருக்கிறது. மேலிருந்து எந்தச் செய்தியும் வராவிட்டாலும் ராஸ் ராஃபைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பெருங்குடல் புற்றுநோய்க்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் ராஸ் பரிசோதனை கட்டாயமாயிற்று.

ராஸையே தாக்கும் மருந்துக்கு நெடுங்காலம் வழி தெரியவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட்டின் குழு 2013-ல் ஒரு பிடிமானத்தைக் காட்டியது. 12-ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்திருந்தால், அதன் கந்தக அணுவோடு நிரந்தரமாகப் பிணைந்து ராஸை அணைந்த நிலையிலேயே பூட்டிவிடலாம். சிஸ்டீன் வகை ராஸ் தானாகவே அவ்வப்போது மெல்ல அணைவதால்தான் இது சாத்தியமாகிறது. இந்த வழியில் உருவான சோடோராசிப், நுரையீரல் புற்றுநோய்க்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பெருங்குடலில் அது தனியாகப் பெரிய பலன் தரவில்லை. எர்க் ஓங்கியிருக்கும்போது மேலே உள்ள ஏற்பியின் வேகத்தையும் அது மட்டுப்படுத்தி வைத்திருக்கும். மருந்து எர்க்கை அடக்கியதும் அந்தக் கட்டுப்பாடு விலகி, ஏற்பி மீண்டும் ராஸ்களை எழுப்பத் தொடங்குகிறது. எனவே ராஸ் மருந்தோடு ஏற்பியைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

பெருங்குடல் புற்றுநோயில் சிஸ்டீன் வகை சிறுபான்மைதான். அஸ்பார்டேட்டும் வேலினும் அதைவிட அதிகம். அவற்றில் அந்தக் கந்தகப் பிடிமானம் இல்லாததால் சோடோராசிப் ஒட்டாது. ஆகவே பரிசோதனை அறிக்கையில் 'கே-ராஸ் பிறழ்வு உண்டு' என்பதோடு நிறுத்தாமல், 12-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக எது வந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சோடோராசிப் பயன்படுமா என்பதைச் சொல்வது அந்த ஒரு விவரம்தான்.